வாழை இலையில் மீன் சுட எத்தனை நிமிடம்? தடிமனைப் பார்த்துச் சொல்லும் கணக்கு

மதுரைக்குக் கடல் இல்லை. ராமேஸ்வரத்திலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் ராத்திரியோடு ராத்திரியாக ஐஸ் பெட்டியில் வந்து இறங்குகிற மீனைத்தான் காலையில் கரிமேட்டில் வாங்குகிறோம். இல்லையென்றால் வைகை அணைக் கட்லா, கண்மாய் விரால், ஜிலேபி. இதில் எதையும் குழம்பு வைக்கத் தெரியாத வீடு கிடையாது. ஆனால் ஓவன் வாங்கி, வாழை இலையில் சுற்றி மீனை உள்ளே வைத்தவுடன் எல்லோருக்கும் ஒரே கேள்வி வந்துவிடுகிறது. எத்தனை நிமிடம்?

நானும் அந்தக் கேள்வியோடு தொடங்கியவள்தான். முதல் தடவை ஒரு கிலோ பாறை மீனை அரை மணி நேரம் வைத்தேன். "ஒரு கிலோவுக்கு முப்பது நிமிடம்" என்று யாரோ சொன்ன கணக்கு. பொட்டலத்தைப் பிரித்தால் வால் பக்கம் நார் நாராக உலர்ந்திருந்தது, தலைக்குப் பின்னால் நடுமுள்ளை ஒட்டி ரத்தம் சிவப்பாகவே இருந்தது. அடுத்த வாரம் அதே கணக்கில் அரை அரைக் கிலோவாக இரண்டு வாவல் வைத்தேன், இரண்டும் மொத்தமாக உலர்ந்துவிட்டன. எடை ஒன்றுதான், அடுப்பும் ஒன்றுதான். மீனின் உருவம்தான் வேறு. வாவல் தட்டையானது, பாறை திரண்டது. வெப்பம் மீனின் எடையைச் சுமந்துகொண்டு போவதில்லை, மேல்தோலிலிருந்து நடுமுள் வரைக்கும் உள்ள தூரத்தைத்தான் கடக்கிறது. அந்தத் தூரத்தை அளந்தால் நேரம் தெரிந்துவிடும். இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு அளவைப் பிடித்துக்கொண்டுதான் போகிறது.

முதலில் அளப்பது எப்படி

கழுவித் துடைத்த மீனைப் பலகையில் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். மிகத் தடித்த இடம் பெரும்பாலும் தலை முடிந்து முதுகுத் துடுப்பு தொடங்குகிற இடத்தில் இருக்கும். அங்கே ஒரு பல்குச்சியை நேராகக் கீழே, பலகையில் முட்டும் வரை குத்துங்கள். தோல் மட்டத்தில் நகத்தால் பிடித்துக்கொண்டு குச்சியை உருவி, பள்ளிக்கூட ஸ்கேலில் வைத்துப் பாருங்கள். அதுதான் உங்கள் மீனின் தடிமன். முள்ளில் இடித்தால் குச்சியை அரை விரல் தள்ளிக் குத்துங்கள்.

மசாலா தடவுவதாக இருந்தால் தடவிய பிறகு அளக்க வேண்டும். மசாலாவும் ஈரமான பண்டம்தான், அதுவும் சூடேறினால்தான் உள்ளே இருக்கிற மீனுக்குச் சூடு போகும். மேலும் கீழும் கால் செ.மீ. மசாலா அப்பினால் மீன் அரை செ.மீ. தடித்துவிட்டது என்றே கொள்ள வேண்டும். இதை விட்டுவிட்டால் நான்கு நிமிடம் தவறிப்போகும்.

துண்டு மீன் என்றால் வெட்டும்போதே தடிமனை நாம் தீர்மானிக்கலாம். கடையில் வஞ்சிரம் வாங்கினால் கேட்காமலே பொரிக்கிற அளவுக்கு, ஒரு விரல் தடிமனுக்கும் குறைவாக வெட்டிவிடுவார்கள். அது ஓவனுக்கு ஆகாது, சூடு நடுவே போய்ச் சேர்ந்த மறுநிமிடமே உலர ஆரம்பித்துவிடும். நான் எப்போதும் வாங்குகிற அக்காவிடம், "அக்கா, பொரிக்க இல்ல, இலையில சுத்திச் சுடணும், ஒன்றரை விரல் தடியா வெட்டுங்க" என்பேன். முதல் நாள் "அவ்வளவு தடியா வெட்டினா வேகாது தங்கச்சி" என்றார். வேகும். ஒன்றரை விரல் என்பது ஏறக்குறைய இரண்டரை செ.மீ., ஓர் அங்குலம். ஓவனுக்கு மிகவும் தோதான தடிமன் அதுதான்.

நேரக் கணக்கு

உலகம் முழுக்கப் புழங்குகிற ஒரு கணக்கு உண்டு. கனடா நாட்டின் மீன்வளத் துறை பரப்பியது என்பதால் அதைக் கனடா கணக்கு என்பார்கள். 230 டிகிரி செல்சியஸில் ஓர் அங்குலத் தடிமனுக்குப் பத்து நிமிடம், ஃபாயிலில் சுற்றியிருந்தால் கூடுதலாக ஐந்து நிமிடம். நல்ல கணக்கு. ஆனால் நம் வீடுகளில் இருக்கிற ஓடிஜி ஓவனில் 230 என்பது பல நேரம் குமிழின் கடைசிக் கோடு, அந்தச் சூட்டில் வாழை இலையின் ஓரம் கருகிப் புகைகிறது. அதனால் நான் எல்லாவற்றையும் 200 டிகிரிக்கு மாற்றி வைத்திருக்கிறேன்.

ஃபாயிலில் மட்டும் சுற்றிய மீனுக்கு, 200 டிகிரியில், இரண்டரை செ.மீ. தடிமனுக்கு 16 நிமிடம். அதற்கு மேல் ஒவ்வோர் அரை செ.மீ.க்கும் 4 நிமிடம் கூட்டுங்கள். அதற்குக் கீழே ஒவ்வோர் அரை செ.மீ.க்கும் 3 நிமிடம் குறையுங்கள். வாழை இலை சுற்றினால் எந்தத் தடிமனாக இருந்தாலும் கூடுதலாக ஒரு 4 நிமிடம். அவ்வளவுதான் கணக்கு. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிக்கொள்ள விரும்புகிறவர்களுக்காக விரித்து எழுதுகிறேன்:

| தடிமன் (மசாலாவோடு) | ஃபாயில் மட்டும் | வாழை இலை |
|---|---|---|
| 1.5 செ.மீ. | 10 நிமிடம் | 14 நிமிடம் |
| 2 செ.மீ. | 13 | 17 |
| 2.5 செ.மீ. | 16 | 20 |
| 3 செ.மீ. | 20 | 24 |
| 4 செ.மீ. | 28 | 32 |
| 5 செ.மீ. | 36 | 40 |

இரண்டரை செ.மீ.க்கு 16 என்றால் ஐந்து செ.மீ.க்கு 32 தானே வர வேண்டும், ஏன் 36 என்று கேட்கலாம். வெப்பம் சதைக்குள் போகப்போகச் சுணங்குகிறது. சதைக்குள் கடத்தலை மட்டும் கணக்கிட்டால், தடிமன் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்காக வேண்டும். ஆனால் ஓவனின் காற்று மீனின் மேற்பரப்புக்குச் சூட்டைக் கொண்டு சேர்ப்பதற்கே நேரம் பிடிக்கிறது. அந்த நேரம் தடிமனோடு அவ்வளவு வேகமாகக் கூடுவதில்லை. இரண்டும் கலந்து, நம் வீட்டு மீன் அளவுகளில் விடை இரண்டு மடங்குக்குச் சற்று மேலே வந்து நிற்கிறது. ஐந்து செ.மீ.க்கு மேல் போனால் இந்தக் கணக்கை நம்பாதீர்கள். அங்கே வெளிச்சதை உலர்ந்த பிறகுதான் நடுவே வேகும். ஒன்றரைக் கிலோ கொடுவாய் மாதிரியான மீனைத் துண்டாக்கிச் சுடுவதே மேல். முழுசாகத்தான் வேண்டும் என்றால் 180 டிகிரிக்கு இறக்கி, நேரத்தைக் கூட்டி, ஊசித் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

இந்த நேரங்கள் எல்லாம் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து 15 முதல் 20 நிமிடம் வெளியே வைத்த மீனுக்கானவை. சில்லென்ற மீனை அப்படியே உள்ளே தள்ளினால் நடுவே ஐந்து டிகிரியிலிருந்து ஏற வேண்டும், 4, 5 நிமிடம் கூடப் பிடிக்கும். அதற்காகச் சித்திரை வெயிலில் ஒரு மணி நேரம் வெளியே வைத்துவிடாதீர்கள், இருபது நிமிடம்தான் எல்லை. ஐஸ் கட்டியாக உறைந்த மீன் என்றால் முந்தின இரவே கீழ்த்தட்டுக்கு மாற்றி உருக வையுங்கள்.

ஓவன் சொல்வதை அப்படியே நம்பக் கூடாது

சின்ன ஓடிஜியில் குமிழ் 200 காட்டும்போது உள்ளே 175 இருக்கலாம், 225-ம் இருக்கலாம். தொங்கவிடுகிற ஓவன் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி ஒரே ஒரு தடவை சோதித்துக்கொண்டால் போதும். என் ஓவனில் குமிழை 215-க்குத் திருப்பினால்தான் உள்ளே 200 வருகிறது. அந்த இடத்தில் நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன்.

மின்சாரமும் ஒரு காரணம். மாலை ஏழு மணிக்கு எங்கள் தெருவில் வோல்டேஜ் இறங்கும். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 200 வந்தால் சூட்டுக் கம்பி தருகிற வெப்பம் கால் பங்கு குறைந்துபோகிறது. ஓவன் கடைசியில் அந்தச் சூட்டை எட்டிவிடும், ஆனால் மெதுவாக எட்டும். அதனால் 'பத்து நிமிடம் ப்ரீ ஹீட்' என்று கடிகாரத்தைப் பார்க்காமல், விளக்கு அணைந்த பிறகும் ஐந்து நிமிடம் விட்டு, தெர்மாமீட்டர் 200 காட்டிய பிறகே மீனை வையுங்கள். அது காட்டாமல் வைத்தால் மேலே சொன்ன நேரம் எதுவும் பொருந்தாது. ஓவனை ஐந்து ஆம்பியர் பிளக்கில் செருக வேண்டாம், மிக்ஸி போடுகிற பிளக் அதைத் தாங்காது. கிரைண்டர், கீசருக்கான பெரிய பிளக்தான் சரி.

மேலும் கீழும் இரண்டு கம்பியும் எரிய வேண்டும், நடுத்தட்டு. இலைப் பொட்டலத்துக்கும் மேல் கம்பிக்கும் இடையே ஒரு ஜாண் இல்லாவிட்டாலும் நான்கு விரல் இடைவெளியாவது இருக்கட்டும், இல்லையென்றால் இலை பற்றிக்கொள்ளும். தட்டையும் ஓவனோடு சேர்த்தே சூடாக்கிவிடுங்கள். குளிர்ந்த தட்டில் வைத்தால் மீனின் அடிப்பக்கம் பத்து நிமிடம் பின்தங்கி நிற்கும்.

இலையா, ஃபாயிலா

இரண்டும் ஒரே வேலையைச் செய்வதாகத் தோன்றும். இல்லை. ஃபாயில் இறுக மூடினால் மீன் விடுகிற தண்ணீர் முழுவதும் உள்ளேயே நின்று ஆவியாகிச் சுற்றி வரும். அது உண்மையில் இட்லிச் சட்டியில் அவிப்பதற்குச் சமம். வெளியே 200 டிகிரி இருந்தாலும் பொட்டலத்துக்குள் ஈரம் இருக்கிற வரை நூறைத் தாண்டாது. மீன் மிருதுவாக வரும், ஆனால் மசாலா நீர்த்துப் போகும். வாழை இலை அப்படி மூடுவதில்லை. மடிப்பு வழியே கொஞ்சம் கொஞ்சமாக ஆவி வெளியேறும், மசாலா சுண்டும், இலையின் அடிப்பக்கம் சூட்டில் வதங்கி அந்த வாசம் மீனில் ஏறும். இலை அடுக்குகளுக்கு நடுவே காற்று சிக்கிக்கொள்வதால் சூடு உள்ளே போகச் சுணங்குகிறது, அதுதான் அந்த நான்கு நிமிடம்.

என் தேர்வு எப்போதும் இலைதான். ஆனால் எலுமிச்சையும் நல்லெண்ணெயும் ஒழுகுகிற மீனாக இருந்தால் இலைக்கு வெளியே ஒரு சுற்று ஃபாயில் போடுவேன். ஃபாயில் நேரடியாக மசாலாவைத் தொடவே கூடாது. புளியும் எலுமிச்சையும் உப்பும் அலுமினியத்தை அரிக்கும். பிரித்துப் பார்த்தால் ஃபாயிலில் ஊசி முனை ஓட்டைகளும், மீனின் மேல் சாம்பல் நிறத் திட்டுகளும், நாக்கில் உலோக ருசியும் இருக்கும். இலை கிடைக்காத ஊரில் இருப்பவர்கள் பட்டர் பேப்பரை உள்ளே வைத்து வெளியே ஃபாயில் சுற்றலாம். பளபளப்பான பக்கம் உள்ளேயா வெளியேயா என்று கவலைப்பட வேண்டியதில்லை, நேரத்தில் வித்தியாசம் தெரியாது.

இலை வாங்கும்போது சாப்பாட்டு இலையில் நடுத்தர முற்றல் பாருங்கள். குருத்து கிழியும், முற்றியது மடிக்கும்போது முறியும். நடுத்தண்டைச் சீவி எடுத்துவிட்டு, அடுப்பைச் சிம்மில் வைத்து, தீக்கு ஒரு விரல் மேலே இலையை மெதுவாக நகர்த்துங்கள். வெளிறிய பச்சை கரும்பச்சையாகி மினுமினுக்கத் தொடங்கும். இலையின் மெழுகு இளகி வருகிற மினுக்கம் அது. அந்த நிறம் இலை முழுக்கப் பரவியதும் இலை துணிபோல மடங்கும். ஓர் இடத்தில் பச்சை வெளிறியே இருந்தால் அங்கேதான் கிழியும்.

இரண்டு ஏடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக வையுங்கள். வாழை இலை எப்போதும் நரம்பை ஒட்டிய கோட்டில்தான் கிழியும். ஒன்றன் கோடு மற்றதன் கோட்டைக் குறுக்கே வெட்டினால், மேலிலை கிழிந்தாலும் சாறு ஒழுகாது. கட்டுவதற்கு நூலைத் தேடாதீர்கள். மல்லிகை கட்ட வைத்திருக்கிற வாழைநார் போதும். பூக்கடையில் கேட்டால் ஒரு கைப்பிடி கொடுப்பார்கள். பத்து நிமிடம் தண்ணீரில் ஊறப்போட்டுக் கட்டினால் ஓவனில் கருகாது.

மசாலாவில் ஒரே ஒரு நிபந்தனை

மசாலா முன்கூட்டியே வெந்திருக்க வேண்டும். பொட்டலத்துக்குள் மீன் இருக்கிற இருபது, முப்பது நிமிடத்தில், நூறு டிகிரி ஆவியில், பச்சைச் சின்ன வெங்காயமும் பூண்டும் வேகவே வேகாது. பச்சை வாசம் அப்படியே நிற்கும். அவை விடுகிற தண்ணீரும் சேர்ந்து இலைக்குள் குழம்பாகிவிடும். அதனால் முதலில் வாணலி.

ஒரு கிலோ மீனுக்கு: நல்லெண்ணெய் நான்கு மேஜைக்கரண்டி, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் 150 கிராம், பூண்டு பத்துப் பல், கறிவேப்பிலை இரண்டு கொத்து, தக்காளி ஒன்று, அரைத்த மிளகு, சோம்பு, சீரகம் தலா ஒரு தேக்கரண்டி, மிளகாய்த்தூள் ஒன்றரை தேக்கரண்டி, மல்லித்தூள் ஒரு மேஜைக்கரண்டி, மஞ்சள் அரைத் தேக்கரண்டி, எலுமிச்சை அளவில் பாதிப் புளி கரைத்த கெட்டிச் சாறு. எண்ணெய் பிரிந்து, கரண்டியால் வழித்தால் வாணலியில் கோடு நிற்கிற வரை சுண்ட வையுங்கள். முழுக்க ஆறிய பிறகே மீனில் தடவ வேண்டும். சூடாகத் தடவினால் தோல் அரைவேக்காடாகி நேரக் கணக்கு குழம்பிவிடும்.

உப்பை மீனில் தனியாகப் போடுங்கள். சுத்தம் செய்த மீன் ஒரு கிலோவுக்குப் பத்து கிராம், இரண்டு மட்டத் தேக்கரண்டி. பத்து நிமிடம் கழித்து மேலே கசிந்திருக்கிற தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு மசாலா. அந்தத் தண்ணீரை எடுக்காமல் விட்டால் மசாலா தோலில் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டே இருக்கும்.

ஒரு விளைமீன், ஆரம்பம் முதல் முடிவு வரை

போன ஞாயிறு செய்ததை அப்படியே எழுதுகிறேன். கரிமேட்டில் 900 கிராம் விளைமீன். கண் தெளிவாக, செவுள் சிவப்பாக, விரலால் அழுத்தினால் குழி நிற்காமல் இருந்தது. செதில் எடுத்து, செவுளை நீக்கி, வயிற்றைக் கீறிக் குடலை எடுத்து வாங்கிய பிறகு 780 கிராம். வீட்டில் வயிற்றுக்குள் நடுமுள்ளை ஒட்டி ஓடுகிற கறுத்த ரத்தக் கோட்டை நகத்தால் சுரண்டிக் கழுவினேன். அதை விட்டால் எவ்வளவு மசாலா போட்டாலும் கவிச்சி போகாது.

இரண்டு பக்கமும் மூன்று விரல் இடைவெளியில் சாய்வாக மும்மூன்று கீறல், கத்தி முள்ளில் தட்டும் வரை. இது அழகுக்கு இல்லை. கீறல் வழியே ஆவியும் மசாலாவும் உள்ளே இறங்குவதால் தடித்த மீனில் மூன்று, நான்கு நிமிடம் மிச்சமாகிறது. எட்டு கிராம் உப்பு, பத்து நிமிடம், துடைப்பு, மசாலா. குச்சியை வைத்து அளந்தேன்: நான்கரை செ.மீ.

கணக்கு இப்படி. இரண்டரைக்கு 16. மேலே இரண்டு செ.மீ., அதாவது நான்கு அரை செ.மீ., 16 நிமிடம். மொத்தம் 32. இலைக்கு 4 கூட்டினால் 36. கீறலுக்கு 4 கழித்தால் 32. கணக்கு என்ன சொன்னாலும் நான்கு நிமிடம் முன்னதாகவே முதல் சோதனை என்பது என் வழக்கம். ஆகவே 28-வது நிமிடத்துக்கு அலாரம் வைத்தேன்.

மீன் 38 செ.மீ. நீளம், என் தட்டு 33. வால் துடுப்பைக் கத்தரித்துவிட்டு, மூலைக்கு மூலை சாய்வாக, தலை பின்சுவர்ப் பக்கமும் வால் கதவுப் பக்கமுமாக வைத்தேன். ஓடிஜியில் கண்ணாடிக் கதவு சூட்டை விடும், பின்பக்கம்தான் சூடு. தடித்த தலைப்பக்கம் சூடான மூலைக்கும், மெல்லிய வால் ஆறிய மூலைக்கும் போனால் இரண்டும் ஒன்றுபோல வேகும். வால் பக்கம் இலையை இரட்டையாக மடித்துவிட்டதும் அதற்காகத்தான்.

28-வது நிமிடம் இலையின் மேலேயே ஊசித் தெர்மாமீட்டரைக் குத்தினேன், தலைக்குப் பின்னால், முள்ளைத் தொடாமல். 54 டிகிரி. கதவை மூடிவிட்டேன். 32-ல் 60. வெளியே எடுத்து, பிரிக்காமல் ஆறு நிமிடம் வைத்தேன். மேற்சதையில் இருக்கிற சூடு அடுப்பை விட்டு வந்த பிறகும் உள்நோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும். பிரிக்கும்போது 64 காட்டியது. அமெரிக்க உணவுப் பாதுகாப்பு விதி மீனுக்குச் சொல்லும் அளவு 63. ஆற்று மீன், கண்மாய் மீன் என்றால் நான் அந்த அளவுக்குக் கீழே ஒருபோதும் எடுப்பதில்லை, அவற்றில் புழு இருக்க வாய்ப்புண்டு. 70-ஐத் தாண்டினால் சதை இறுகித் தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். ஆக நமக்குக் கிடைக்கிற இடைவெளி ஏழு டிகிரிதான், கடைசி கட்டத்தில் நிமிடத்துக்கு ஒன்றரை டிகிரி ஏறுகிறது. நான்கைந்து நிமிடம் கவனிக்காமல் விட்டால் மீன் போச்சு என்பது இதனால்தான்.

தெர்மாமீட்டர் இல்லாதவர்களுக்கு

மெல்லிய கத்தி முனையை அல்லது ஊசிக் கம்பியை அதே இடத்தில் நடு வரை குத்தி, மனதுக்குள் ஐந்து எண்ணி, உருவி, உதட்டுக்குக் கீழே தொடுங்கள். இதமாக இருந்தால் இன்னும் ஐந்தாறு நிமிடம். சுரீர் என்று சுட்டால் எடுத்துவிடலாம். முழு மீனில் கண் பார்த்தும் சொல்லலாம், தெளிவு போய் வெண்முத்தாக இருக்க வேண்டும். முதுகுத் துடுப்பைப் பிடித்து இழுத்தால் வேரோடு கழன்று வர வேண்டும். பாதியில் முறிந்தால் வேகவில்லை.

பிரித்த பிறகு நடுமுள்ளை ஒட்டிச் சதை கண்ணாடிபோல வெளிறிப் பளபளத்தாலோ, முள்ளை விட்டு வர மறுத்தாலோ மறுபடி சுற்றி ஐந்து நிமிடம் வையுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை. அதற்கு நேர்மாறாக, கீறல்களில் தயிர்த் திரிபோல வெள்ளையாக நிறைய பிதுங்கி நின்றால் சூடு மிஞ்சிவிட்டது. அது மீனின் புரதம் உறைந்து வெளியே வந்தது. சாப்பிடலாம், ஆனால் அடுத்த தடவை அதே தடிமனுக்கு மூன்று நிமிடம் குறைத்துக்கொள்ளுங்கள்.

பொட்டலத்தைத் திறந்தால் தண்ணீர் குளமாக நிற்கிறது, ஆனால் மீன் வெந்திருக்கிறது என்றால் குற்றம் நேரத்தில் இல்லை. மசாலா சுண்டாதது, அல்லது உப்புத் தண்ணீரைத் துடைக்காதது. மேலிலையை மட்டும் விரித்து, மேல் கம்பியை மட்டும் எரியவிட்டு மூன்று நிமிடம் வைத்தால் ஓரளவு சரியாகும். இப்படி விரித்து வாட்டுவது உங்களுக்குப் பிடித்தால், முதலிலேயே பொட்டல நேரத்தில் மூன்று நிமிடம் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு, மூன்று பொட்டலங்கள்

விருந்தாளி வந்தால் நான்கு ஜிலேபி வைப்போம். ஒவ்வொன்றும் 400 கிராம், 3 செ.மீ. தடிமன். நான்கையும் சேர்த்து ஒன்றரைக் கிலோவுக்கு மேல் ஆயிற்றே என்று நேரத்தை நான்கு மடங்கு ஆக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பொட்டலமும் தன் தடிமனுக்குத்தான் வேகும்: 24 நிமிடம். ஆனால் சின்ன ஓவனில் குளிர்ந்த மீன் நான்கு சேர்ந்தால் உள்சூடு சட்டென்று இறங்கி ஏற நேரமாகும், அதற்கு ஒரு 4 நிமிடம். பொட்டலங்கள் ஒன்றையொன்று தொடக் கூடாது. தொட்டால் இரண்டு மீன் சேர்ந்து ஒரே தடித்த மீனாகிவிடும், தொட்ட பக்கம் வேகாமல் நிற்கும்.

வெவ்வேறு தடிமன் மீன்களை ஒன்றாக வைக்க நேர்ந்தால் தடித்ததை முதலில் வையுங்கள். 4 செ.மீ. பாறைக்கு இலையோடு 32, இரண்டரை செ.மீ. வஞ்சிரத் துண்டுக்கு 20. பாறையை வைத்துப் பன்னிரண்டு நிமிடம் கழித்து வஞ்சிரத்தை வைத்தால் இரண்டும் ஒன்றாக வெளியே வரும். நடுவில் ஒரு தடவை கதவைத் திறப்பதற்கு இரண்டு நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மிஞ்சுகிற மீனை இலையோடு மூடி வைக்காதீர்கள், இரவே முள் எடுத்து உதிர்த்து ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுபடி ஓவனில் சூடாக்கினால் நிச்சயம் உலரும். மறுநாள் காலை சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், இஞ்சி வதக்கி, உதிர்த்த மீனைப் போட்டு இரண்டு நிமிடம் கிளறி எடுத்தால் சுறாப்புட்டு மாதிரி வரும். விளைமீன் தலையை மட்டும் எங்கள் வீட்டில் யாரும் மிச்சம் வைத்ததில்லை.